தினமும் கழுத்தில் கிடக்க எந்தக் கல்: அக்வாமரினா, பெரிடாட்டா, டூர்மலினா?

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் அண்ணன் மகள் பட்டர்வொர்த்திலிருந்து வந்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கைப்பையிலிருந்து மூன்று சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து என் வேலை மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்றில் வெளிர்நீல அக்வாமரின், ஒன்றில் இளம்பச்சைப் பெரிடாட், இன்னொன்றில் ரோஜா நிற டூர்மலின். மூன்றும் முட்டை வடிவம், ஒன்பதுக்கு ஏழு மில்லிமீட்டர். தெரிந்த வியாபாரி ஒருவர் நம்பிக்கையின் பேரில் இரண்டு நாளைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"சித்தப்பா, அம்மா குடுத்த சங்கிலியில தொங்கவிடணும். கழட்டவே மாட்டேன். மூனுல எது?"

ஜார்ஜ்டவுனில் கல் பதிக்கும் வேலையில் பல வருடம் ஓட்டியவன் நான். இந்தக் கேள்வியை லெபோ பாசாரில் நின்றபடியே நூறு பேர் கேட்டிருப்பார்கள். "எது அழகோ அதை எடு" என்று சொல்லி அனுப்பினால் ஆறு மாதம் கழித்து மங்கிய கல்லோடு திரும்பி வருவார்கள். அவள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது கல்லின் பெயர்கள் அல்ல. "கழட்டவே மாட்டேன்" என்ற அந்த ஒரு சொல்தான்.

கடைகளில் இந்த மூன்றையும் ஒப்பிட உடனே எடுத்து நீட்டுவது கடினத்தன்மை அட்டவணையை. மோஸ் அளவுகோலில் அக்வாமரின் ஏழரையிலிருந்து எட்டு, டூர்மலின் ஏழிலிருந்து ஏழரை, பெரிடாட் ஆறரையிலிருந்து ஏழு. அதனால் அக்வாமரின்தான் உறுதி, பெரிடாட் மட்டம் என்று முடித்துவிடுவார்கள். மோதிரத்துக்கு அந்தக் கணக்கு சரி. காற்றிலும் மேசையிலும் இருக்கும் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது, அதன் கடினம் ஏழு. விரலில் கிடக்கும் கல் நாள் முழுக்க அந்தத் தூசியில் உரசுகிறது. ஏழுக்குக் கீழே இருக்கும் கல்லின் பட்டை விளிம்புகள் ஓரிரு வருடத்தில் தேய்ந்து மழுங்கும். பெரிடாட் மோதிரங்களை நான் மறுமெருகுக்கு வாங்கியிருக்கிறேன். பட்டைகள் சந்திக்கும் கோடுகள் கூர்மை போய், சோப்புக் கட்டியின் ஓரம்போல உருண்டிருக்கும்.

பதக்கம் வேறு. அது நெஞ்சில் தொங்குகிறது. அது உரசுவது தோலிலும் துணியிலும்தான். முகம் கழுவக் குனியும்போது பேசினில் ஒருமுறை இடிக்கலாம், பிள்ளைகள் இழுக்கலாம், அவ்வளவுதான். கழுத்தில் இன்னொரு தங்கச் சங்கிலி இருந்தாலும் தங்கம் மிருதுவானது, இந்தக் கற்களைக் கீற அதனால் முடியாது. கல்தான் தங்கத்தைக் கீறும். பதக்கத்தில் கல்லைக் கெடுப்பது முன்பக்கத்து உரசல் அல்ல, பின்பக்கத்து அழுக்கு. வாங்கும்போது யாரும் கல்லைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

நம் ஊர் வெயிலில் காலையில் வீட்டுப்படி இறங்கும்போதே நெஞ்சு ஈரமாகிவிடும். வியர்வை, தோலின் எண்ணெய், பவுடர், வாசனைத் திரவியம், வெள்ளிக்கிழமை கோயிலில் பூசிய விபூதியும் சந்தனமும், சனிக்கிழமை தேய்த்த நல்லெண்ணெய் எல்லாம் கல்லின் அடிப்புறத்தில் மெல்லிய படலமாகச் சேர்கிறது. பட்டை தீட்டிய கல் பளிச்சென்று தெரியக் காரணம் அதன் அடிப்பட்டைகள் கண்ணாடிபோல ஒளியை மேலே திருப்பி அனுப்புவதுதான். அந்த வேலை நடக்க, கல்லுக்கு வெளியே காற்று இருக்க வேண்டும். காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டால் ஒளி திரும்பாமல் அடிவழியே கசிந்துவிடும்.

எவ்வளவு கசியும் என்பதில் மூன்று கல்லும் ஒன்றல்ல. ஒளிவிலகல் எண் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 1.45. அக்வாமரினுக்குச் சுமார் 1.58, டூர்மலினுக்கு 1.63, பெரிடாட்டுக்கு 1.67. எண்ணெய்க்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி குறையக் குறையக் கல் சீக்கிரம் செத்துப்போகும். எங்கள் பட்டறையில் பளபளப்பு போன கல்லைச் செத்த கல் என்றுதான் சொல்வோம். இந்தக் கணக்கில் மூன்றிலும் கடினமான அக்வாமரின்தான் முதலில் சாகிறது.

அண்ணன் மகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவில்லை, செய்து காட்டினேன். மூன்று கற்களையும் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றின் அடியிலும் விரல்நுனியால் ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அக்வாமரின் அந்த நிமிடமே தண்ணீரில் போட்ட பனிக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. நீலம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பெரிடாட்டில் பளபளப்பு குறைந்தது, ஆனால் பச்சை நின்றது. டூர்மலினில் மினுமினுப்பு போனாலும் ரோஜா நிறம் அப்படியே இருந்தது.

"அய்யோ, அப்ப இந்த நீலம் வேணாமா?" என்றாள். அவள் மனது அதில்தான் இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்ல முடியாது. அழுக்கு சேர்ந்து செத்த கல்லைக் கழுவினால் உயிர் வந்துவிடும். கழுவும் விஷயத்தில் அக்வாமரின்தான் ராஜா. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, பின்பக்கம் எட்டுகிற மாதிரி மெல்லிய பல்துலக்கி, இவ்வளவு போதும். உள்ளே விரிசல் இல்லாத அக்வாமரின் என்றால் கடையில் அதிர்வு எந்திரத்தில் போட்டும் சுத்தம் செய்யலாம். மற்ற இரண்டையும் அந்த எந்திரத்தில் போடவே கூடாது. இரண்டுமே திடீர்ச் சூட்டுக்கும் அதிர்வுக்கும் விரியக்கூடியவை. நீராவி பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் அவற்றுக்கு ஆகாது. கடையில் "கொடுங்க, ஒரு நிமிஷம் போட்டு எடுத்துத் தரேன்" என்று வாங்குவார்கள். பெரிடாட்டோ டூர்மலினோ என்றால் சிரித்தபடியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெரிடாட்டைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. வேலை கற்றுக்கொண்டிருந்த காலம். ஒரு அம்மாவின் பதக்கத்தில் வளையம் அறுந்து வந்தது. பற்றவைத்தேன். பற்றவைத்த தங்கம் கறுத்திருக்கும், அதை எடுக்கச் சூடான கந்தகத் திராவகத்தில் போடுவது வழக்கம். கல்லைக் கழற்றாமல் அப்படியே போட்டுவிட்டேன். நல்லவேளை, தீயில் கல் வெடிக்கவில்லை. ஆனால் திராவகத்திலிருந்து எடுத்தபோது தங்கம் ஜொலித்தது, கல் மூச்சு பட்ட கண்ணாடிபோல மங்கியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. அழுக்கு இல்லை அது. கல்லின் மேல்தோலையே அமிலம் தின்றிருந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை, மறுமெருகுக்கான கூலியை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். கல்லும் கொஞ்சம் எடை குறைந்து திரும்பியது.

பெரிடாட் என்பது ஆலிவின் என்ற கனிமத்தின் நல்ல ரகம், மக்னீசியமும் இரும்பும் சிலிகாவும் சேர்ந்தது. அமிலத்துக்கு அது இளகிக்கொடுக்கும் என்பது புவியியல் படித்தவர்களுக்குப் பழைய செய்தி. வியர்வையும் லேசான அமிலம்தான். ஒரு நாள் வியர்வை ஒன்றும் செய்யாது. ஆனால் கழற்றாமல், கழுவாமல், வருடக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடந்தால் அடிப்பட்டைகளின் மெருகு மெல்ல மங்கலாம். அந்த மங்கல் சோப்புக்குப் போகாது. அக்வாமரின் செத்தால் கழுவி எழுப்பலாம், பெரிடாட் மங்கினால் மெருகுக்காரரிடம்தான் போக வேண்டும். தினமும் இரவில் கழற்றி வைக்கிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. கழற்றமாட்டேன் என்று சொல்கிறவருக்கு இதுதான் விஷயம்.

டூர்மலினுக்கு அமிலத் தொல்லை இல்லை. அதற்கு வேறொரு குணம் உண்டு. சூடு ஏறி இறங்கினால் கல்லில் மின்னேற்றம் உண்டாகித் தூசியை இழுக்கும். இலங்கையிலிருந்து இந்தக் கல் ஐரோப்பாவுக்குப் போன காலத்தில் டச்சுக்காரர்கள் இதைச் சாம்பல் இழுக்கும் கல் என்றே அழைத்தார்கள். புகை பிடிக்கும் குழாயிலிருந்து சாம்பலை எடுக்கச் சூடாக்கிய டூர்மலினைப் பிடிப்பார்களாம். டூர்மலின் என்ற பெயரே தோரமல்லி என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்ததுதான். விளக்குச் சூட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் டூர்மலின் மேல் மற்றக் கற்களைவிட அதிகத் தூசி படிந்திருப்பதைக் கடைகளில் கவனித்திருக்கிறேன். ஆனால் பினாங்கின் ஈரக்காற்றில் அந்த மின்னேற்றம் நிற்காமல் ஒழுகிவிடும். பதக்கமாகப் போட்டுக்கொள்கிறவர் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

அழுக்கை விட்டுவிட்டு நிறத்துக்கு வருவோம்.

வெளிர்நிறக் கல்லைக் கடையில் எப்போதும் வெள்ளை அட்டை மேலோ வெள்ளைத் துணி மேலோ வைத்துத்தான் காட்டுவார்கள். நாம் போட்டுக்கொள்ளப்போவது நம் நெஞ்சில். நம் தோல் பழுப்பு. கல்லின் அடிப்பாகம் தட்டையாகத் தீட்டப்பட்டிருந்தால் நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு பகுதி திறந்திருக்கும். அங்கே ஒளி திரும்பாது, பின்னால் இருப்பதுதான் தெரியும். எடையைக் காப்பாற்றக் கல்லை அகலமாகவும் ஆழம் குறைவாகவும் வெட்டுகிறார்கள், அதனால்தான் இந்த ஜன்னல். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கல்லை நாளிதழ் எழுத்தின் மேல் நேராக வைத்துப் பாருங்கள். கல் வழியாக எழுத்தைப் படிக்க முடிந்தால் ஜன்னல் இருக்கிறது. வெள்ளை அட்டையில் தெளிந்த நீலமாகத் தெரிந்த அக்வாமரின், ஜன்னல் இருந்தால் நெஞ்சில் அழுக்குத் தண்ணீர் நிறமாகத் தெரியும். பெரிடாட், டூர்மலின் இரண்டிலும் ஜன்னல் இருக்கலாம், ஆனால் நிறம் அடர்த்தியாக இருப்பதால் அது அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது.

எனவே வெள்ளை அட்டையை ஒதுக்கிவிட்டு, கல்லை உங்கள் முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்குள் ஒருமுறை, வாசலுக்கு வந்து ஒருமுறை. கடையின் வெள்ளை விளக்கில் அக்வாமரின் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். வீட்டு மஞ்சள் விளக்கில் அது சாம்பல் கலந்து சோர்ந்துவிடும். பெரிடாட் பகலிலும் இரவிலும் கிட்டத்தட்ட ஒரே பச்சை. டூர்மலினில் சில கற்கள் மஞ்சள் விளக்கில் கொஞ்சம் பழுப்பு காட்டும், அது கல்லுக்குக் கல் மாறும்.

அதோடு தங்கம். நம் வீடுகளில் சங்கிலி என்றால் 916 மஞ்சள் தங்கம்தான். அவசரத்துக்கு அடகுக்கடையில் நிற்கும்போது மதிப்பு தங்க எடைக்குத்தான், கல்லுக்கு ஒரு காசு தரமாட்டார்கள், கல்லின் எடையைக் கழித்துத்தான் நிறுப்பார்கள். அதனால் பதக்கத்தையும் 916-லேயே செய்யச் சொல்வது நியாயம். ஆனால் மஞ்சள் தங்கம் தன் நிறத்தைக் கல்லுக்குள் அனுப்பும். நீலத்தில் மஞ்சள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பள்ளி ஓவிய வகுப்பு. வெளிர் அக்வாமரின் 916 கட்டுக்குள் போனால் பச்சை அடிக்கும். அதற்கு வெள்ளைத் தங்கமோ வெள்ளியோ பிளாட்டினமோ வேண்டும். பெரிடாட்டின் பச்சையிலேயே மஞ்சள் இருப்பதால் மஞ்சள் தங்கத்தில் அது இன்னும் எடுப்பாகும். மூன்றிலும் 916-க்கு மிகப் பொருத்தமானது பெரிடாட்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோஜா டூர்மலினும் மஞ்சளோடு ஒத்துப்போகும், கொஞ்சம் செம்மை கூடித் தெரியும்.

விலை விஷயத்தில் அண்ணன் மகள் ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தாள். அது பலரும் போடுவதுதான். வியாபாரி காரட்டுக்கு இவ்வளவு என்று மூன்றுக்கும் விலை சொல்லியிருந்தார்: அக்வாமரின் 420 ரிங்கிட், டூர்மலின் 390, பெரிடாட் 210. "டூர்மலின் அக்வாமரினைவிட முப்பது ரிங்கிட் குறைவு" என்றாள். இல்லை, அதிகம்.

கல் பார்வைக்கு எவ்வளவு பெரிது என்பது மில்லிமீட்டரில். விலை எடையில். ஒரே அளவுக் கற்கள் ஒரே எடை இருக்காது, ஏனென்றால் அடர்த்தி வேறு. அக்வாமரின் தண்ணீரைப்போல் 2.72 மடங்கு, டூர்மலின் சுமார் 3.06, பெரிடாட் சுமார் 3.34. முட்டை வடிவப் பட்டைக் கல்லுக்குப் பட்டறையில் ஒரு உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறோம். நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதை அதாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, அடர்த்தியால் பெருக்கி, கடைசியாக 0.002-ஆல் பெருக்க வேண்டும். அவள் கொண்டுவந்த கற்கள் மூன்றும் ஆழம் நாலரை மில்லிமீட்டர். ஒன்பதும் ஏழும் சேர்ந்து பாதி எட்டு. எட்டெட்டு அறுபத்து நான்கு, நாலரையால் பெருக்க 288, 0.002-ஆல் பெருக்க 0.576. இதை அந்தந்த அடர்த்தியால் பெருக்கினால் அக்வாமரின் 1.57 காரட், டூர்மலின் 1.76, பெரிடாட் 1.92.

இப்போது விலையைப் போடுங்கள். அக்வாமரின் சுமார் 660 ரிங்கிட், டூர்மலின் 690-க்குக் கொஞ்சம் கீழே, பெரிடாட் 400-ஐ ஒட்டி. காரட் விலையில் மலிவாகத் தெரிந்த டூர்மலின் கல்லாகக் கையில் வரும்போது அக்வாமரினைவிட இருபத்தைந்து ரிங்கிட்போல அதிகம். பெரிடாட் காரட் விலையில் அக்வாமரினில் பாதி, கல்லாகப் பார்த்தால் பாதிக்கு மேல். இவை அன்று அந்த வியாபாரி சொன்ன விலைகள். தரத்துக்குத் தரம், கடைக்குக் கடை மாறும். ஆனால் அடர்த்தி மாறாது, அதனால் ஒரே அளவுக் கற்களை ஒப்பிடும்போது காரட் விலையைக் கேட்காதீர்கள், கல் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

அக்வாமரினில் அளவுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. அதன் நீலம் இயல்பிலேயே மெல்லியது, கல்லின் ஆழத்தில் சேர்ந்து சேர்ந்துதான் நிறமாகத் தெரியும். நான்கைந்து காரட்டில் நல்ல நீலமாக இருக்கிற அதே சரக்கை ஒரு காரட்டுக்கு வெட்டினால் கிட்டத்தட்டத் தண்ணீர். சின்ன அளவிலும் அடர்நீலமாக இருக்கிற அக்வாமரின் உண்டு, ஆனால் அப்போது அது நடுத்தர விலையில் நிற்காது. ஒன்பதுக்கு ஏழில், 660 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது வெளிர்நீலம்தான். அது வியாபாரியின் குற்றமல்ல, கல்லின் குணம்.

அதே எடைக் கணக்கு இன்னொரு வேலையும் செய்யும். அக்வாமரின் என்று சொல்லி விற்கப்படும் பொருள்களில் மிகச் சாதாரணமானது நீலப் புஷ்பராகம், அதாவது நிறமில்லாத டோபாஸைக் கதிரியக்கத்தாலும் சூட்டாலும் நீலமாக்கியது. அழகான கல்தான், விலை மிகக் குறைவு. அதன் அடர்த்தி 3.53. ஒன்பதுக்கு ஏழு, ஆழம் நாலரை என்றால் 2.03 காரட் வரும். அக்வாமரின் என்கிறார்கள், அளவு இது, தராசில் இரண்டு காரட் காட்டுகிறது என்றால் அது அக்வாமரின் இல்லை. பட்டை வெட்டில் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், முப்பது சதவீத வித்தியாசத்துக்கு வெட்டைக் காரணம் சொல்ல முடியாது. எந்தக் கடையிலும் தராசும் அளவுகோலும் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் அதுவே பதில்.

பெரிடாட்டில் ஏமாற்று என்றால் பச்சைக் கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் வைத்து மேலிருந்து கல்லுக்குள் பார்த்து, அடிப்பட்டைகளின் விளிம்புக் கோடுகளைக் கவனியுங்கள். பெரிடாட் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், அதுவும் பலமாக. கோடுகள் ரெட்டைக் கோடுகளாகத் தெரியும். கண்ணாடியில் ஒற்றைக் கோடுதான். ஒரு கோணத்தில் ரெட்டை தெரியாவிட்டால் கல்லைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், எல்லாத் திசையிலும் அது தெரியாது. டூர்மலினிலும் ரெட்டை உண்டு, பெரிடாட்டில் பாதியளவு. அக்வாமரினில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருக்காது.

பெரிடாட்டைப் பாராட்ட ஒரு காரணம் இருக்கிறது. அதன் பச்சைக்குக் காரணமான இரும்பு அதன் உடம்பிலேயே இருப்பது, வெளியிலிருந்து வந்த கலப்பு அல்ல. அதனால் நிறத்துக்காக யாரும் அதைச் சுடுவதோ வேறு வைத்தியம் செய்வதோ பெரும்பாலும் இல்லை. அக்வாமரினைச் சுடுகிறார்கள், பச்சை நீங்கி நீலம் நிற்க. அது நிலையானது, பயப்பட ஒன்றுமில்லை. தொல்லை டூர்மலினில்தான். ரோஜா, சிவப்பு நிற டூர்மலின் பிறப்பிலேயே விரிசலோடு வருவது அதிகம். மேற்பரப்புக்கு வந்து திறக்கும் விரிசலில் எண்ணெயோ பிசினோ நிரப்பி மறைப்பார்கள். புதிதில் தெரியாது. தினமும் போட்டு, சோப்புத் தண்ணீர் பட்டு, ஒரு வருடத்தில் நிரப்பியது வெளியேறினால் கல்லின் நடுவில் வெள்ளைக் கீறல் முளைக்கும்.

அண்ணன் மகள் கொண்டுவந்த ரோஜாக் கல்லை நான் அதிக நேரம் பார்த்தது அதற்காகத்தான். லூப்பின் கீழ் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கல்லின் மேற்பரப்பில் ஒளி வழுக்கிப் போகும்படி மெல்லத் திருப்பினேன். மேலே வந்து திறக்கும் விரிசல் இருந்தால் மெருகில் மயிரிழைக் கோடு தெரியும், நிரப்பியிருந்தால் அந்த இடத்தின் பளபளப்பு சுற்றியுள்ளதைவிட மந்தமாக இருக்கும். சில வேளை உள்ளே காற்றுக்குமிழ் சிக்கியிருப்பதும் தெரியும். இந்தக் கல்லில் உள்ளே மெல்லிய இழைகள் இரண்டு இருந்தன, மேலே எதுவும் வரவில்லை. நிரப்பவில்லை என்று பில்லில் எழுதித் தர முடியுமா என்று வியாபாரியைப் போனில் கேட்டேன். முடியும் என்றார்.

இதற்கிடையில் அவள் மாமியார் போனில் வந்து, ஜாதகத்துக்குப் பச்சைதான் நல்லது, மரகதத்துக்குப் பதிலாகப் பெரிடாட் போடலாமாம் என்றார். அவளுக்குப் பிறந்த மாதம் ஆகஸ்ட், மேல்நாட்டுப் பட்டியலிலும் ஆகஸ்டுக்குப் பெரிடாட். இரண்டு பக்கமும் பெரிடாட்டுக்கே ஓட்டு. அந்த விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை. என் வேலை கல்லோடு, கிரகத்தோடு அல்ல.

அவளிடம் நான் சொன்னது இதுதான். வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுவாய் என்றால், பதக்கத்தை வெள்ளைத் தங்கத்தில் செய்யச் சம்மதம் என்றால், கையில் இன்னும் ஒரு ஐந்நூறு அறுநூறு ரிங்கிட் சேர்த்துப் பெரிய கல்லாக எடுப்பாய் என்றால் அக்வாமரின் எடு. அது உன்னைவிட நீண்ட காலம் இருக்கும். ராத்திரி கழற்றி வைக்கிற பழக்கம் வரும் என்றால் பெரிடாட் எடு, அம்மாவின் சங்கிலிக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது, காசும் மிச்சம். இரண்டும் மாட்டாய், கழுத்திலேயே கிடக்கும், அழுக்காகும், எப்போதாவது ஞாபகம் வந்தால் கழுவுவாய் என்றால் இந்த டூர்மலின். அதன் நிறம் பளபளப்பை நம்பி நிற்கவில்லை, அழுக்கிலும் ரோஜாவாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரம் நீலக் கல்லையே முழங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கழட்ட மாட்டேன் சித்தப்பா, எனக்குத் தெரியும் என்னைப் பத்தி" என்று சொல்லி ரோஜாவை என் பக்கம் தள்ளினாள். நீலத்தையும் பச்சையையும் டப்பாவில் போட்டு மூடினாள்.

கட்டு 916-ல்தான் செய்தேன். பல் பல்லாகக் கவ்வுகிற கட்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 916 மிருதுவான தங்கம், மெல்லிய பற்கள் துணியில் மாட்டி நிமிர்ந்துவிடும், கல் எப்போது விழுந்தது என்றே தெரியாது. கல்லைச் சுற்றி முழு விளிம்பு எழுப்பி மடித்தேன். மிருதுவாக இருப்பதே அங்கே நன்மை, அழுத்தம் கொடுக்காமல் விளிம்பு கல்லோடு படிந்துவிடும், டூர்மலினுக்கு அதுதான் பாதுகாப்பு. மேல்வளையத்தைக் கல் பதிக்கும் முன்பே பற்றவைத்து, திராவகத்தில் போட்டு, கழுவிக் காயவைத்து முடித்துவிட்டேன். பின்பக்கத்தை மூடவில்லை. பழைய கட்டுகளில் அடியில் அரக்கு வைத்து மூடுவார்கள், அங்கே தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. இதில் பல்துலக்கியின் நுனி நுழைகிற அளவு அடி முழுக்கத் திறந்திருக்கிறது. விளிம்பின் அடிவரம்பைக் கல்லின் அடிமுனையைவிட அரை மில்லிமீட்டர் கீழே இறக்கி வைத்தேன், முனை தோலில் குத்தாமல், தோலுக்கும் கல்லுக்கும் நடுவே கொஞ்சம் காற்று நிற்க.

ஆறு மாதம் கழித்துச் சித்ரா பௌர்ணமிக்கு வந்தபோது திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சந்தனமும் பவுடரும் அப்பி, தங்கமே தெரியவில்லை. முன்பக்கம் ரோஜா நிறம் அப்படியே. அடுக்களைக்குப் போய் வெந்நீரில் தண்ணீர் விளாவி எடுத்து வந்தேன்.